'பேங்க் விஷயம்' என்று எழுதினால் வேலை நடக்காது

சமையலறைக் காலண்டரின் ஓரத்தில், பிரிட்ஜ் கதவில், செல்போனின் நோட்ஸில் என்று நம் வீடுகளில் ஞாபகக் குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. 'எல்.ஐ.சி.', 'பல்', 'ஸ்கூட்டர்', 'வீட்டு வரி'. எழுதிய நிமிடத்தில் எழுதியவருக்கு எல்லாம் புரிந்திருக்கும். இரண்டு வாரம் கழித்து அதே சீட்டு கண்ணில் படும்போது கை எந்த வேலைக்கும் நகர்வதில்லை. 'இன்னும் செய்யலையே' என்று உள்ளுக்குள் ஒரு குத்தல் எழுந்து அடங்குகிறது, அவ்வளவுதான். பல தடவை குத்துப்பட்ட பிறகு, கண்ணும் அந்தச் சீட்டைத் தாண்டிப் போகப் பழகிவிடும். முந்தானையில் முடிச்சுப் போட்டுவிட்டு, எதற்காகப் போட்டோம் என்று சாயங்காலம் விழிப்பதைப் போலத்தான் இதுவும்.

'பல்' என்ற அதே சீட்டில் இப்படி எழுதியிருந்தால்? 'காலை பத்தரைக்குப் பல் டாக்டர் கிளினிக்குக்கு போன் செய்து சனிக்கிழமை நேரம் கேள். நம்பர் பழைய ரசீதில், டிவி மேஜை டிராயரில்.' கொஞ்சம் நீளம்தான். ஆனால் படித்தவர் அடுத்து யோசிக்க எதுவும் மிச்சமில்லை. டிராயரைத் திறக்க வேண்டும், நம்பரை அழுத்த வேண்டும். வேலை செய்யப்போகும் அந்த நேரத்தில் மூளைக்கு இருக்கும் சுமையை, சீட்டு எழுதிய நேரத்திலேயே இறக்கி வைத்தாகிவிட்டது.

இப்படிச் சொல்வது வெறும் வீட்டு யோசனை போலத் தோன்றலாம். அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவன்தாலும் அவருடைய சகாக்களும் மாணவர்களை டெட்டனஸ் தடுப்பூசி போடவைக்க முயன்றார்கள். ஆய்வு 1965-இல் வெளியானது. சில மாணவர்களுக்குப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கும் துண்டறிக்கை கிடைத்தது. வேறு சிலருக்கு அதே செய்தி பயமுறுத்தாமல் சொல்லப்பட்டது. பயமுறுத்தும் அறிக்கையைப் படித்தவர்கள் தடுப்பூசி அவசியம் என்று இன்னும் உறுதியாகச் சொன்னார்கள்; போட்டுக்கொள்கிறோம் என்றும் சொன்னார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையில் பயத்தின் அளவு வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. 'போட்டுக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையோடு நின்ற குழுக்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் மருத்துவ மையத்துக்குப் போனார்கள்.

வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வந்தது. சில மாணவர்களுக்குத் துண்டறிக்கையோடு வளாகத்தின் வரைபடம் கொடுக்கப்பட்டது. அதில் மருத்துவ மையம் குறிக்கப்பட்டிருந்தது. அந்த வாரத்து வகுப்புகளை மனதில் ஓட்டிப் பார்த்து, எந்த நேரத்தில் அந்தப் பக்கம் போக முடியும் என்று முடிவு செய்யும்படியும் அவர்களிடம் சொன்னார்கள். இந்தக் குழுவில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேர் அளவில் ஊசி போட்டுக்கொண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், பங்கேற்றவர்கள் கடைசி ஆண்டு மாணவர்கள். மருத்துவ மையம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். வரைபடம் புதுத் தகவல் எதையும் தரவில்லை. எந்தப் பக்கம், எந்த நேரத்தில் கால் நடக்க வேண்டும் என்ற இடைவெளியை மட்டும் அது நிரப்பியது.

ஆய்வில் பங்கேற்றவர்கள் சொற்பம்தான். அந்த எண்களை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வழிமுறையை மட்டும் கொடுத்தது பலன் தரவில்லை. செய்ய வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவரைச் சீட்டு எழுந்து நடக்க வைக்காது. ஆனால் நம் காலண்டர் ஓரங்களில் கிடக்கும் வேலைகளுக்கு எண்ணம் குறைவாக இருப்பதில்லை. அந்த எண்ணம்தானே குத்துகிறது!

இந்த இடைவெளிக்குப் பெயர் வைத்துப் பிரபலமாக்கியவர் டேவிட் ஆலன் என்ற அமெரிக்க ஆலோசகர். 2001-இல் வெளிவந்த 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற அவருடைய புத்தகத்தில் 'நெக்ஸ்ட் ஆக்‌ஷன்' என்ற யோசனை நடுநாயகமாக இருக்கிறது. இந்த விஷயம் கொஞ்சமாவது நகர, கண்ணால் பார்க்கக்கூடிய விதத்தில் உடம்பு அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்பதே அவருடைய கேள்வி. இதைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் டீன் அச்சிசன் என்று ஆலனே சொல்லியிருக்கிறார். ட்ரூமன் காலத்து வெளியுறவு அமைச்சர் இல்லை, அதே பெயர் கொண்ட வேறொரு நிர்வாக ஆலோசகர்.

கேள்வி சுலபமாகத் தெரிகிறது. பதில் எழுத உட்கார்ந்தால்தான் சிரமம் புரியும். ஒரு வீட்டு வேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மா. சென்னையில் வேலை பார்க்கும் மகன். அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருடைய சேமிப்புக் கணக்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. மகனின் செல்போனில் காரியம் முடிந்த வாரத்திலிருந்து ஒரு வரி இருக்கிறது: 'அப்பா பேங்க் விஷயம்'. வாரம் ஒரு தடவை அதைப் பார்க்கிறார். மனசு கனக்கிறது, போனை மூடுகிறார்.

ஒரு நாள் அதை மாற்றி எழுதுகிறார்: 'அப்பா பணத்தை அம்மா பெயருக்கு மாற்றணும்'. இதில் வினை வந்துவிட்டது. ஆனால் எந்த மனிதரும் ஒரே இருக்கையில் செய்துமுடிக்கும் வேலையாக இது இல்லை. இது முடிவு, அங்கே போய்ச் சேரும் வழியில் ஏழெட்டுப் படிகள் இருக்கின்றன. அடுத்து, 'பேங்குக்குப் போகணும்' என்று எழுதுகிறார். கேட்பதற்குக் காரியம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கிளை கும்பகோணத்தில், அவர் வேளச்சேரியில். போனாலும் எதை எடுத்துக்கொண்டு போவது? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே நாமினி யார் என்பதாக இருக்கும். அது அவருக்குத் தெரியாது. ஆகவே பேங்குக்குப் போவது அடுத்த படி இல்லை, அதற்கு முன்னால் மறைந்திருக்கும் படி ஒன்று உண்டு.

நாமினி பதிவாகியிருக்கிறதா என்பதில்தான் இந்த வேலையின் பாதையே பிரிகிறது. பதிவாகியிருந்தால் இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாள ஆவணம், பாஸ்புக், வங்கி தரும் உரிமை கோரும் படிவம் என்ற அளவில் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குப் போட்டிருக்கும் விதி. நாமினி இல்லையென்றால் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் கையெழுத்து என்று பாதை நீண்டு போகும். இதைத் தெரிந்துகொள்ள யாரையும் கேட்கக்கூட வேண்டியதில்லை. நாமினி பதிவு செய்த கணக்கின் பாஸ்புக்கில் 'நாமினேஷன் ரெஜிஸ்டர்டு' என்று அச்சிட வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

அப்படியானால் இந்த வேலையின் அடுத்த படி ஒரு பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்ப்பது. பாஸ்புக் அம்மாவிடம் இருக்கிறது. மகனின் சீட்டு இப்போது இப்படி மாறுகிறது: 'இன்று மாலை ஆறரைக்கு, அம்மா கோயிலிலிருந்து வந்ததும், வீடியோ கால். பீரோ மேல்தட்டு மஞ்சள் பையில் இருக்கும் அப்பா பாஸ்புக்கின் முதல் பக்கத்தைக் காட்டச் சொல்லு.' ஐந்து மாதமாகக் கிடந்த விஷயத்தின் முதல் படி, அதிகம் போனால் பத்து நிமிட வேலை.

"அம்மா, பீரோ மேல்தட்டுல அப்பா ஒரு மஞ்சப் பை வெச்சிருப்பாரே, அதைக் கொஞ்சம் எடும்மா."

"அது பீரோவுல இல்லைப்பா. பூஜை அலமாரிக்குக் கீழ மாத்தி ரொம்ப நாளாச்சு. எதுக்குடா இப்ப?"

"பாஸ்புக்கோட மொதப் பக்கம் மட்டும் பார்க்கணும். உன் பேரு போட்டிருக்கான்னு."

அம்மா பையை எடுக்கிறார், கண்ணாடியைத் தேடுகிறார், பக்கத்தைக் கேமராவுக்கு நேரே நீட்டுகிறார். அந்த ஆங்கில வரி இருக்கிறது. அடுத்த சீட்டு அப்போதே எழுதப்படுகிறது: 'நாளை காலை 11 மணி, கிளைக்கு போன். நாமினி யார் பெயரில் இருக்கிறது, இறந்தவர் கணக்குக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், படிவம் எங்கே கிடைக்கும் என்று கேள். நம்பர் பாஸ்புக் அட்டையில், அம்மா வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியாச்சு.' கவனித்தால் தெரியும், இரண்டு சீட்டிலும் நான்கு விஷயங்கள் இருக்கின்றன: கையோ வாயோ செய்யும் ஒரு செயல், அதைச் செய்யும் நேரம், அதற்கு வேண்டிய பொருள் இருக்கும் இடம், எது கிடைத்தால் அந்தப் படி முடிந்தது என்பது. இதில் பொருள் இருக்கும் இடம்தான் அதிகம் விடுபட்டுப்போவது. பல போன் கால்கள் நடக்காமல் போவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, நம்பர் கையில் இல்லாததுதான்.

ஒரு வரியைச் சோதிக்க எளிய வழி உண்டு. இந்த வேலையைச் செய்யும்போது ஒருவரை வீடியோ எடுத்தால் படத்தில் என்ன தெரியும்? 'பாஸ்புக்கைத் திறக்கிறார்', 'நம்பரை அழுத்துகிறார்' என்றால் சரி. 'ஏற்பாடு பண்ணணும்', 'முடிக்கணும்', 'யோசிக்கணும்' என்பவற்றைப் படம் பிடிக்க முடியாது. இந்த வரிசையில் முதலிடம் 'பார்க்கணும்' என்பதற்குத்தான். 'இன்சூரன்ஸ் பார்க்கணும்', 'மாப்பிள்ளை பார்க்கணும்', 'ஸ்கூட்டரைப் பார்க்கணும்' என்று எதை வேண்டுமானாலும் அதற்குள் ஒளித்து வைக்கலாம்.

பொதுவாக எழுதுவதற்கும் விவரமாக எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் நேரடியாகவே சோதிக்கப்பட்டிருக்கிறது. ஷான் மெக்ரேயும் மூன்று ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். வங்கிக் கணக்குத் தொடங்குவது, டைரி எழுதுவது போன்ற சாதாரணக் காரியங்களைப் பற்றிய கேள்விகள். எப்படிச் செய்வது என்று விவரமாக ஒரு குழு எழுத வேண்டும். அந்தக் காரியத்தின் பொதுவான தன்மையை இன்னொரு குழு எழுத வேண்டும். மூன்று வாரத்துக்குள் பதில் அனுப்பினால் பணம். கெடு இருவருக்கும் ஒன்று, கிடைக்கும் தொகையும் ஒன்று. 'எப்படி' என்று எழுதியவர்கள் முந்திக்கொண்டு பதில் அனுப்பினார்கள். பொதுவாக யோசித்தவர்கள் தள்ளிப்போட்டார்கள். ஒரு காரியத்தை எவ்வளவு பொதுவாக நினைக்கிறோமோ அவ்வளவு தூரத்தில் அது இருப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

இனி, இந்த முறை எங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

முதல் சறுக்கல், எழுதியதாலேயே வரும் நிம்மதி. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், முடிக்காத காரியம் ஒன்று மனதில் கிடந்தால் அது படிக்கும்போது குறுக்கே வந்து கவனத்தைக் கெடுப்பதைக் கண்டார்கள். அந்தக் காரியத்துக்கு விவரமான திட்டம் எழுதச் சொன்னதும் தொந்தரவு நின்றுவிட்டது. காரியம் அப்போதும் முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்! திட்டமே மனதை விடுவித்துவிட்டது. இரவில் தூக்கம் வருவதற்கு இது நல்லது. ஆனால் குத்தல் போன பிறகு, அந்தச் சீட்டு சரியான நேரத்தில் தானாகக் கண்ணில் படாவிட்டால் ஞாபகப்படுத்த ஆளில்லை. ஆகவே நல்ல சீட்டை நோட்டுப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் எழுதி மூடி வைப்பது மோசமான யோசனை. ஆறரை மணி போன் காலுக்கு ஆறரை மணி அலாரம், செருப்புக் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய அறுந்த செருப்புக்கு வாசல் கதவுக் கைப்பிடியில் ஒரு பை. நேரத்தைத் துல்லியமாக எழுதுவதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஊழியர்களிடம் நடந்த ஃப்ளூ தடுப்பூசி ஆய்வு 2011-இல் வெளியானது. எந்த நாள், எத்தனை மணி என்று இரண்டையும் எழுதத் தூண்டப்பட்டவர்கள், வெறும் நினைவூட்டல் பெற்றவர்களைவிடச் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் அதிகமாக ஊசி போட்டுக்கொண்டார்கள். மலையைப் புரட்டிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு கடிதத்தில் இரண்டு காலி இடம் அச்சிடும் செலவில் கிடைத்தது.

இரண்டாவது, பந்து அடுத்தவர் கையில் இருக்கும் வேலைகள். 'கிளையிலிருந்து பதில் வரணும்' என்று எழுதினால் அதில் செய்ய ஒன்றுமில்லை, பழையபடி குத்தல்தான் மிஞ்சும். அதை 'வியாழன் 11 மணி வரை பதில் வராவிட்டால், படிவம் வாங்கிக்கொண்டவருக்கு போன்' என்று எழுதினால் அதுவும் நம் படியாகிவிடும். காத்திருக்கும் நாட்களில் அதை நினைக்கவே வேண்டாம்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. படி தெளிவாக இருக்கிறது, நேரம் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. இருந்தும் நடக்கவில்லை, திங்கள் செவ்வாயாகி, செவ்வாய் அடுத்த வாரமாகிவிட்டது. மூன்று தடவை தள்ளிப்போன சீட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னும் எடுக்காத ஒரு முடிவு இருக்கும். 'கல்யாண மண்டபம் புக் பண்ண அட்வான்ஸ் கொடுக்கணும்' என்பது நடக்காமல் கிடந்தால், எந்த ஊரில் கல்யாணம் என்பதிலேயே வீட்டில் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அப்போது உண்மையான அடுத்த படி, 'ஞாயிறு சாப்பாட்டுக்கு அப்புறம் அக்காவிடமும் சித்தப்பாவிடமும் ஊரைப் பற்றிப் பேசு' என்பது. பேசுவதும் உடம்பு செய்யும் காரியம்தான். அந்தப் பேச்சையும் பேச மனமில்லை என்றால், அந்த வேலையை இந்த மாதம் செய்யப்போவதில்லை என்று ஒத்துக்கொண்டு சீட்டை எடுத்துவிடுவது நேர்மை.

கடைசியாக, ஆர்வக்கோளாறு. இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள இருபது சீட்டுகளையும் ஒரே இரவில் மாற்றி எழுத உட்காரக் கூடாது. ஏமி டால்டன், ஸ்டீபன் ஸ்பில்லர் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு இலக்குக்கு எப்போது, எங்கே, எப்படி என்று எழுதியவர்களுக்கு அது உதவியது. ஆறு இலக்குகளுக்கு அப்படி எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் பார்க்கும்போது, இத்தனையும் எப்படி முடியும் என்ற மலைப்பு வந்து பிடிப்பு தளர்ந்துவிடுகிறது என்கிறார்கள் அவர்கள்.

ஆகவே மாற்றி எழுத வேண்டியது இரண்டு வாரத்துக்கு மேல் அசையாமல் கிடக்கும் சீட்டுகளை மட்டும், அதிலும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு. 'கொத்தமல்லி', 'பால் பாக்கெட் 2' என்றெல்லாம் எழுதிய சீட்டுகளைத் தொட வேண்டியதில்லை. அவை ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் வாங்கி வருபவருக்கு எந்தக் கடை, எந்த வழி என்பது தெரியும். அந்த வேலைகள் எப்படியும் அன்றைக்கே நடந்துவிடுகின்றன.